ஐடியலா, பட்டர்வொர்த்தா, காஸியனா? ரிங்கிங்கை அளந்து பார்த்து வடிகட்டியைத் தேர்வது

ஒரு படத்தை ஃபூரியே உருமாற்றம் செய்து, அதிர்வெண் தளத்தில் ஒரு முகமூடியால் பெருக்கி, மீண்டும் படமாக்குவது சில வரி நிரலில் முடிகிற வேலை. அந்த முகமூடி எந்த வடிவில் இருக்க வேண்டும் என்பதில்தான் தேர்வு இருக்கிறது. வெட்டு அதிர்வெண் வரை எல்லாவற்றையும் முழுதாக விட்டு, அதற்கு மேல் ஒன்றையும் விடாத ஐடியல் வடிகட்டி ஒன்று. அதே இடத்தில் சரிவாக இறங்குகிற பட்டர்வொர்த் இன்னொன்று. மணி வடிவில் மெல்லக் குறைகிற காஸியன் மூன்றாவது.

ஐடியலின் கவர்ச்சி புரிகிறது. வேண்டியது உள்ளே, வேண்டாதது வெளியே என்று ஒரே வட்டத்தில் முடிந்துவிடுகிறது. ஆனால் அதன் வழியாக வந்த படத்தில் ஒவ்வொரு விளிம்புக்கும் பக்கத்தில் மங்கலான இணைகோடுகளும், ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் வளையங்களும் நிற்கும். இதுவே ரிங்கிங். இந்த விலையைக் கொடுத்தாலாவது விளிம்பு கூர்மையாக இருக்கிறதா, இரைச்சல் நன்றாகக் குறைகிறதா என்றால், இரண்டிலும் சொல்லத்தக்க லாபம் இல்லை. அதை ஒரே ஒரு படத்தை வைத்து எண்களாகவே காட்டிவிடலாம்.

ஒப்பிடுவதற்கு முன் அளவுகோலைச் சமப்படுத்துதல்

மூன்றையும் ஒரே வெட்டு அதிர்வெண் D0 கொடுத்து ஓட்டிப் பார்த்துவிட்டு, எது நன்றாக இருக்கிறது என்று முடிவெடுப்பது வழக்கமாக நடக்கிற தவறு. காஸியனை வழக்கமான exp(-D²/2D0²) என்ற வடிவில் எழுதினால், D0-வில் அதன் மதிப்பு 0.607. பட்டர்வொர்த்தை 1/(1+(D/D0)^2n) என்று எழுதினால் D0-வில் 0.5. மின்சுற்றுப் பாடங்களில் வருவதுபோல வர்க்கமூலம் போட்டு எழுதினால் அதே இடத்தில் 0.707. ஒரே எண்ணைக் கொடுத்தாலும் மூன்றும் வெவ்வேறு இடத்தில் வெட்டுகின்றன. ஆகவே சரிவான வடிகட்டிகள் எல்லாம் ஒரே அதிர்வெண்ணில் பாதியாகக் குறைய வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஐடியல் அதே இடத்தில் 1-இலிருந்து 0-க்குத் தாவட்டும்.

அடுத்தது அலகு. வெட்டு அதிர்வெண்ணை உருமாற்ற அணியின் கட்ட எண்ணில் சொன்னால், படத்தைப் பேடிங் செய்து இருமடங்காக்கியவுடன் அதே 64 பாதி அதிர்வெண்ணைக் குறிக்கத் தொடங்கிவிடும். படம் சதுரமாக இல்லாவிட்டால் வட்டம் நீள்வட்டமாகிவிடும். ஒரு பிக்சலுக்கு எத்தனை சுழற்சி என்ற அலகில் வைத்துக்கொண்டால் இரண்டு தொல்லையும் இல்லை. கீழே உள்ள நிரல் அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது.

```python
import numpy as np

def vadi(img, fc, kind, n=2, high=False):
    M, N = img.shape
    a, b = M // 2, N // 2
    p = np.pad(img.astype(float), ((a, a), (b, b)), mode="symmetric")
    u = np.fft.fftfreq(p.shape[0])[:, None]
    v = np.fft.fftfreq(p.shape[1])[None, :]
    D = np.hypot(u, v)
    if kind == "ideal":
        H = (D <= fc).astype(float)
    elif kind == "butter":
        H = 1 / (1 + (D / fc) ** (2 * n))
    else:
        H = 2.0 ** (-(D / fc) ** 2)
    if high:
        H = 1 - H
    g = np.fft.ifft2(np.fft.fft2(p) * H).real
    return g[a:a + M, b:b + N]
```

கடைசி வகையில் 2-இன் அடுக்காக இருப்பதும் காஸியன்தான். fc-யில் சரியாக 0.5 வரும்படி எழுதப்பட்ட வடிவம் அது. அதிர்வெண்ணை fftfreq வழியாக எடுப்பதால் மையத்தை நகர்த்த fftshift தேவைப்படவில்லை.

சோதனைப் படம் எளியது. 512×512 அளவு, இடது பாதி முழுக்க 50, வலது பாதி முழுக்க 200. நடுவில் செங்குத்தாக ஒரே ஒரு விளிம்பு, உயரம் 150. வெட்டு அதிர்வெண் fc = 1/16, அதாவது 16 பிக்சலுக்கு ஒரு சுழற்சி. பேடிங் செய்த 1024 அணியில் இது 64-ஆவது கட்டம்.

ஐடியல் வெட்டில் என்ன நடக்கிறது

அதிர்வெண் தளத்தில் பெருக்குவதும், படத்தளத்தில் ஒரு கர்னலோடு சுருட்டிப் பெருக்குவதும் ஒரே செயல். அந்தக் கர்னல் என்பது முகமூடியின் தலைகீழ் உருமாற்றம். ஐடியல் லோபாஸின் முகமூடி ஒரு வட்டத்தட்டு. தட்டின் தலைகீழ் உருமாற்றம் J1(2π·fc·r)/r என்ற பெசல் வடிவம். நடுவில் ஒரு மேடு, அதைச் சுற்றி எதிர்மறை வளையம், அடுத்து நேர்மறை வளையம் என்று அது முடிவில்லாமல் போகும். நமது fc-க்கு நடு மேடு 9.8 பிக்சல் ஆரத்தில் பூஜ்யத்தைத் தொடும். 13 பிக்சல் ஆரத்தில் மைய மதிப்பில் 13% ஆழத்துக்கு ஒரு கரும்வளையம் வரும். 21 பிக்சலில் 6.5% உயரத்துக்கு ஒரு வெளிர்வளையம் வரும். படத்தில் தனியாக ஒரு வெள்ளைப் புள்ளி இருந்தால் இந்தக் கர்னலே அப்படியே அச்சாகும். வானியல் படங்களில் விண்மீன்களைச் சுற்றியும், தூசி படிந்த ஸ்கேன்களில் ஒவ்வொரு தூசியைச் சுற்றியும் வளையங்கள் தோன்றுவது இதனால்தான்.

நேரான விளிம்பில் கணக்கு இன்னும் தெளிவாக இருக்கும். விளிம்பு செங்குத்தாக நீண்டு கிடப்பதால், கர்னலை அந்தத் திசையில் கூட்டிவிடலாம். அப்படிக் கூட்டுவது முகமூடியின் நடுவழியாக ஒரு கோடு வெட்டி எடுப்பதற்குச் சமம். தட்டை நடுவில் வெட்டினால் கிடைப்பது ஒரு செவ்வகத் துடிப்பு. அதன் உருமாற்றம் சிங்க் சார்பு. அதைத் தொகையிட்டால் விளிம்பின் வெளியீடு கிடைக்கும். முதல் உச்சம் விளிம்பிலிருந்து 1/(2fc) தூரத்தில், அதாவது 8 பிக்சல் தள்ளி, விளிம்பு உயரத்தில் 8.95% மிகையாக வருகிறது. 16 பிக்சலில் 4.86% குறைவு. 24-இல் 3.3% மிகை. 32-இல் 2.5% குறைவு.

நமது படத்தில் இதை எண்ணாக வைத்தால், 200 இருக்க வேண்டிய பக்கத்தில் 213.4, 192.7, 205.0, 196.2 என்று அலை அடிக்கும். 50 இருக்க வேண்டிய பக்கத்தில் 36.6, 57.3, 45.0, 53.8. தட்டையான பரப்பில் 13 நிலை வித்தியாசம் கண்ணுக்கு நன்றாகத் தெரியும். நான்காவது அலையின் 3.75 நிலைகூட, மாறுபாட்டைக் கூட்டிப் பார்த்தால் கோடாகத் தெரிந்துவிடும்.

காரணத்தை இப்படிப் பார்க்கலாம். கூர்மையான விளிம்பு என்பது பல அதிர்வெண் அலைகள் ஒன்றையொன்று கச்சிதமாக ஈடுசெய்து நிற்பது. தட்டையான பகுதி தட்டையாக இருப்பதே, ஒவ்வொரு அலையின் ஏற்ற இறக்கத்தையும் அதைவிடச் சற்று வேகமான அலைகள் அழித்துவிடுவதால்தான். ஐடியல் வெட்டு fc-க்கு மேலே உள்ளவற்றை ஒரே அடியில் எடுத்துவிடுகிறது. fc-க்குச் சற்றே கீழே உள்ள அலைகள் முழு வலிமையோடு மிஞ்சுகின்றன, அவற்றை ஈடுசெய்ய ஆளில்லை. அதனால்தான் ரிங்கிங்கின் அலைநீளம் எப்போதும் 1/fc-யாக இருக்கிறது. நமக்கு அது 16 பிக்சல்.

fc-யைக் கூட்டினால் போய்விடுமா?

போகாது. இதைத்தான் பலர் கடைசியாகத் தெரிந்துகொள்கிறார்கள். மேலே உள்ள சதவீதங்களில் fc வரவே இல்லை. fc-யை 1/16-இலிருந்து 1/8 ஆக்கினால் முதல் உச்சம் 8 பிக்சலிலிருந்து 4 பிக்சலுக்கு நெருங்கி வரும். ஆனால் உயரம் அதே 8.95%, அதே 13.4 நிலை. வளையங்கள் நெருங்கி மெலிவதால் குறைந்ததுபோலத் தோன்றுமே தவிர, உயரத்தில் ஒன்றும் குறையவில்லை. ஹென்றி வில்பிரகாம் 1848-இலேயே இதைக் கண்டு எழுதியிருந்தார். பிறகு 1899-இல் கிப்ஸ் விளக்க, இன்று அவர் பெயரிலேயே கிப்ஸ் நிகழ்வு எனப்படுகிறது. ஆக fc-யைத் திருகித் திருகி ரிங்கிங்கை ஒழிக்கப் பார்ப்பது வீண்வேலை. மாற்ற வேண்டியது வெட்டின் வடிவத்தை.

பட்டர்வொர்த்: n என்ற ஒரே திருகு

பட்டர்வொர்த்தின் நல்ல குணம், ரிங்கிங்கை நாமே அளந்து அனுமதிக்கலாம் என்பது. n = 1 என்றால் நேர்விளிம்புக்கான கர்னல் இருபக்கமும் அடுக்குக்குறியாகத் தேய்கிறது, எங்கும் எதிர்மறையாவதில்லை. எனவே மிகையே இல்லை. n = 2 என்றால் விளிம்பிலிருந்து 8.5 பிக்சலில் 3.35% மிகை, அதாவது 150-க்கு 5 நிலை. அதற்கடுத்த இறக்கம் 0.14% மட்டும், 0.2 நிலை. எட்டு பிட் படத்தில் அது காணாமல் போய்விடும். ஆகவே n = 2 தருவது வளையத்தொடர் அல்ல. விளிம்பை ஒட்டி ஒற்றை மெல்லிய ஒளிவிளிம்பு மட்டுமே. தனிப்புள்ளியைச் சுற்றி வரும் கரும்வளையமும் ஐடியலின் 13%-க்கு எதிராக 1.4% அளவில்தான் இருக்கும்.

n = 3-இல் மிகை 5.6%. n = 4-இல் 6.8%. அங்கே இரண்டாவது இறக்கமும் 2% அளவுக்கு எழுந்துவிடுகிறது, இரண்டு கோடுகள் கண்ணில் படும். n கூடக்கூட 8.95%-ஐ நோக்கிப் போகும். n = 20 போட்டால் கிட்டத்தட்ட ஐடியலையே போட்ட மாதிரிதான். பட்டர்வொர்த் என்ற பெயர் இருப்பதாலேயே ரிங்கிங் வராது என்று நினைத்து n = 8, 10 என்று ஏற்றுவதில் பொருளில்லை.

காஸியனும், ஐடியல் உண்மையில் எதைத் தருகிறது என்ற கேள்வியும்

காஸியனின் உருமாற்றமும் காஸியனே. எதிர்மறை மதிப்பு எங்கும் கிடையாது, ஆகவே மிகை பூஜ்யம். நமது fc-க்குப் படத்தளத்தில் அதன் σ கிட்டத்தட்ட 3 பிக்சல். இப்படிச் சின்ன கர்னலாக வருவதால், காஸியன் மட்டுமே வேண்டும் என்றால் ஃபூரியே உருமாற்றம் இல்லாமல் படத்தளத்திலேயே செய்துவிடலாம்.

இப்போது எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைப்போம். விளிம்பின் அகலம் என்பது உயரத்தில் 10%-இலிருந்து 90% வரை ஏற எடுக்கும் பிக்சல்கள். இரைச்சல் என்பது, σ = 20 உள்ள சீரான வெள்ளை இரைச்சலைக் கொடுத்தால் மிஞ்சும் σ. கடைசிப் பத்தி, வெட்டு அதிர்வெண்ணின் இருமடங்கில் உள்ள சமிக்ஞையில் எவ்வளவு கசிகிறது என்பது.

| வடிகட்டி | விளிம்பு அகலம் | மிகை (150-க்கு) | மிஞ்சும் இரைச்சல் | 2fc-யில் கசிவு |
|---|---|---|---|---|
| ஐடியல் | 7.1 | 13.4 | 2.2 | 0 |
| பட்டர்வொர்த் n=4 | 7.1 | 10.2 | 2.0 | 0.004 |
| பட்டர்வொர்த் n=2 | 7.2 | 5.0 | 2.0 | 0.059 |
| பட்டர்வொர்த் n=1 | 8.2 | 0 | 2.2 | 0.2 |
| காஸியன் | 7.7 | 0 | 1.9 | 0.063 |

ஐடியலுக்கும் n = 2-க்கும் விளிம்பு அகலத்தில் 0.1 பிக்சல்தான் வித்தியாசம். காஸியனோடு ஒப்பிட்டாலும் 0.6 பிக்சல்தான். இரைச்சலில் ஐடியல் கடைசியில் நிற்கிறது. சரிவான வடிகட்டிகள் fc-க்கு மேலே கொஞ்சம் விட்டாலும், fc-க்குக் கீழே வட்டத்தின் வெளி ஓரத்தில் நிறையக் குறைத்துவிடுகின்றன. அதிர்வெண் தளத்தில் அந்த வெளி ஓரத்தில்தான் பரப்பு அதிகம், இரைச்சலும் அங்கேதான் அதிகம் குவிந்திருக்கிறது. ஐடியலுக்குச் சொந்தமான ஒரே நன்மை கடைசிப் பத்தியில் உள்ள அந்த பூஜ்யம். fc-க்கு மேலே ஒரு துளிகூட வரக் கூடாது என்ற கட்டாயம் இருந்தால் மட்டுமே அது கணக்கில் வரும்.

n = 1 ரிங்கிங் இல்லாதது என்பதற்காக அதைத் தேர்வதும் சரியல்ல. அகலம் கூடுகிறது, இரைச்சல் ஐடியல் அளவுக்கே மிஞ்சுகிறது, 4fc-யில்கூட 6% கசிகிறது. மிகையே கூடாது என்றால் காஸியன், சற்றுக் கூர்மை வேண்டும், ஒற்றை ஒளிவிளிம்பைப் பொறுத்துக்கொள்ளலாம் என்றால் பட்டர்வொர்த் n = 2. மென்மையாக்கும் வேலையில் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றுதான். அளவெடுக்கிற வேலைகளில், அதாவது வடிகட்டிய படத்தின் பிக்சல் மதிப்பையே முடிவாக எடுத்துக்கொள்கிற இடத்தில், காஸியனையே நான் சொல்வேன். 5 நிலை மிகை கண்ணுக்குச் சிறியது, அளவீட்டுக்குப் பெரியது.

ஹைபாஸில் இதே குறை பெரிதாகத் தெரியும்

ஹைபாஸ் என்பது 1 - H. வெளியீடு, மூலப்படத்திலிருந்து லோபாஸ் படத்தைக் கழித்தது. எனவே ரிங்கிங்கின் அளவு மாறாது, குறி மட்டும் மாறும். ஆனால் பார்வையில் நிலைமை மோசமாகிறது. லோபாஸில் 213 என்பது 200-க்குப் பக்கத்தில் நிற்கிறது. ஹைபாஸில் தட்டையான பரப்பு முழுவதும் பூஜ்யம். அந்தப் பூஜ்யத்தின் மேல் அதே 13.4 தனியாக நிற்கிறது.

நமது படத்தில் ஐடியல் ஹைபாஸ் போட்டால், விளிம்பை ஒட்டிப் பிரகாசமான பக்கத்தில் கிட்டத்தட்ட +66, இருண்ட பக்கத்தில் -66. இது வேண்டிய பதில். ஆனால் பிரகாசமான பக்கத்தில் 8 பிக்சல் தள்ளி -13.4, 16-இல் +7.3, 24-இல் -5.0 என்று தொடர்கிறது. இருண்ட பக்கத்தில் இதே எண்கள் குறி மாறி வரும். விளிம்பைக் கண்டுபிடிக்க, தனிமதிப்பு 7-க்கு மேல் உள்ள பிக்சல்களை எடுக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். இருக்கிற ஒரு விளிம்போடு, இருபக்கமும் 8-இலும் 16-இலும் மொத்தம் நான்கு போலிக் கோடுகள் சேர்ந்துவிடும். வாசலை 14-க்கு உயர்த்தினால் இந்த விளிம்பின் போலிகள் போய்விடும். ஆனால் உண்மையிலேயே உயரம் குறைந்த, 20 நிலை கொண்ட ஒரு விளிம்பும் கூடவே போய்விடும், ஏனென்றால் அதன் உச்சமே 10-ஐத் தாண்டாது. வாசலை எங்கே வைத்தாலும் ஒரு பக்கம் இழப்பு. காஸியன் ஹைபாஸில் 65-இலிருந்து பூஜ்யத்துக்கு நேராக இறங்கும், குறி மாறுவதே இல்லை, வாசலை 2-இல் வைத்தாலும் போலிக் கோடு வராது.

படத்தைக் கூர்மையாக்க, மூலப்படத்தோடு k மடங்கு ஹைபாஸைக் கூட்டுவார்கள். இங்கே ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். k = 0.5 என்றால் காஸியனிலும் விளிம்பருகே 200 என்பது 232 ஆகும். இது ரிங்கிங் அல்ல, கூர்மையாக்கலின் விளைவான ஒற்றை ஒளிவட்டம். k-ஐக் குறைத்தால் குறையும், fc-யைக் கூட்டினால் ஒடுங்கும். ஐடியலில் இந்த ஒளிவட்டமும் வரும், அதற்கு அப்பால் அலைத்தொடரும் வரும். கூர்மையாக்கலுக்கு ஐடியலைத் தொடவே வேண்டாம்.

பட்டர்வொர்த் ஹைபாஸை நேரடியாக 1/(1+(D0/D)^2n) என்று எழுதினால் மையத்தில் பூஜ்யத்தால் வகுக்க நேரும். 1 - H என்று எழுதுவது அதே பதிலைத் தொல்லையில்லாமல் தரும். இன்னொரு எச்சரிக்கை: scikit-image-இன் `skimage.filters.butterworth` சும்மா அழைத்தால் `high_pass=True`, `npad=0` என்ற இயல்புநிலையில் ஓடும். மென்மையாக்க எண்ணி அழைத்தவருக்கு விளிம்புப் படம் வரும், பேடிங்கும் இருக்காது.

ரிங்கிங் போலத் தோன்றும் வேறு குறைகள்

படத்தின் ஓரத்தில் மட்டும் கோடுகள் வருகிறதென்றால், காரணம் பெரும்பாலும் பேடிங். ஃபூரியே உருமாற்றம் படத்தை எல்லாத் திசையிலும் திரும்பத் திரும்ப வைத்ததாகவே எடுத்துக்கொள்ளும். பேடிங் இல்லாவிட்டால் இடது ஓரமும் வலது ஓரமும் ஒட்டிக்கொண்டு அங்கே ஒரு பொய் விளிம்பு உருவாகும். பூஜ்யத்தால் பேடிங் செய்தால், 200-க்கும் 0-க்கும் இடையே 150-ஐவிடப் பெரிய விளிம்பு ஓரம் முழுக்க உருவாகும். ஐடியலில் அது 18 நிலை அலையைப் படத்துக்குள் தள்ளும். மேலே உள்ள நிரலில் `symmetric` போட்டது இதற்காகத்தான். ஓரத்தைக் கண்ணாடிபோல் மடித்து வைத்தால், மடிப்பில் தாவல் இருக்காது. ஆனாலும் ஐடியலின் கர்னல் முடிவில்லாதது. எவ்வளவு பேடிங் செய்தாலும் அதன் வால் சுற்றிக்கொண்டு மறுபக்கம் வரத்தான் செய்யும்.

வெள்ளைப் பரப்பில் விளிம்பையொட்டிக் கரும்புள்ளிகள் வருகிறதென்றால், அது எண்வகை மாற்றத்தில் வந்த பிழை. 0-வும் 255-உம் உள்ள படத்தில் ஐடியலின் மிகை 278 வரை போகும், கீழே -23 வரை இறங்கும். அதை நேராக `uint8` ஆக்கினால் 278 என்பது வழக்கமாக 22 ஆகச் சுருண்டுவிடும். முதலில் `np.clip(g, 0, 255)`, பிறகு வகை மாற்றம். ஹைபாஸ் படத்தைக் காட்டும்போது 128-ஐக் கூட்டிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் எதிர்மறைப் பாதி முழுவதும் கருப்பாக வெட்டுப்பட்டு, ரிங்கிங்கின் பாதிக் கோடுகள் மறைந்து, குறைவாக இருப்பதாக ஏமாற்றும்.

ஒரு கோடு உண்மையான விவரமா, ரிங்கிங்கா என்று ஐயம் வந்தால், fc-யை 1/16-இலிருந்து 1/12-க்கு மாற்றி மறுபடி ஓட்டிப் பார்க்கலாம். ரிங்கிங் என்றால் கோட்டு இடைவெளி 16 பிக்சலிலிருந்து 12-க்குச் சுருங்கும், முதல் கோடு 8-இலிருந்து 6-க்கு நகரும். உண்மையான அமைப்பு இருந்த இடத்திலேயே இருக்கும். இதைவிட நம்பகமான சோதனை வேறில்லை.

ஐடியல் சரியாக வேலை செய்யும் இடம்

ரிங்கிங்குக்குக் காரணம் வெட்டின் கூர்மை மட்டுமல்ல. வெட்டு விழுகிற இடத்தில் படத்தின் ஆற்றல் இருக்க வேண்டும். அங்கே ஒன்றுமே இல்லாவிட்டால் வெட்டியதால் ஈடுகெட ஏதும் இல்லை. ஒளிர்வு நுண்ணோக்கிப் படங்கள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. லென்ஸின் எண்துளை NA, ஒளியின் அலைநீளம் λ என்றால், 2NA/λ என்ற அதிர்வெண்ணுக்கு மேல் லென்ஸ் எதையும் கடத்தாது. NA 0.5, ஒளி 0.55 மைக்ரான் என்றால் எல்லை மைக்ரானுக்கு 1.82 சுழற்சி. ஒரு பிக்சல் மாதிரியில் 0.1 மைக்ரானைக் குறித்தால், அது பிக்சலுக்கு 0.182. 1024 அணியில் 186-ஆவது கட்டம். அதற்கு வெளியே இருப்பது கேமராவின் இரைச்சல் மட்டும். fc = 0.19 வைத்து ஐடியலால் வெட்டினால் லென்ஸ் தந்த சமிக்ஞை ஒரு துளியும் குறையாது, விளிம்பருகே அலையும் வராது. இங்கே காஸியன் போட்டால்தான் இழப்பு. ஆனால் இந்த எல்லையைப் பெயர்ப்பலகையில் உள்ள NA-வை மட்டும் நம்பி வைக்காமல், படத்தின் அதிர்வெண் வரைபடத்தை மடக்கை அளவில் பார்த்து, ஒளிவட்டம் எங்கே முடிந்து சீரான இரைச்சல் தொடங்குகிறது என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும். கேமராவில் பழுதான ஒற்றைப் பிக்சல்கள் இருந்தால் அவற்றை முதலில் இடைநிலை வடிகட்டியால் நீக்கிவிட வேண்டும். அவை லென்ஸ் வழியாக வந்தவை அல்ல. அவற்றின் ஆற்றல் எல்லா அதிர்வெண்ணிலும் பரவியிருக்கும், ஒவ்வொன்றைச் சுற்றியும் வளையம் வந்துவிடும்.

இதற்கு நேரெதிர் நிலைமை எம்ஆர்ஐ. அங்கே கருவி அளப்பதே அதிர்வெண் தளத்தைத்தான், அதுவும் ஓர் எல்லை வரை மட்டும். அந்த எல்லையில் உடலின் சமிக்ஞை இன்னும் தீராமல் இருக்கும்போதே அளவீடு நின்றுவிடுகிறது. நாம் எந்த வடிகட்டியும் போடாமலேயே ஐடியல் வெட்டு விழுந்துவிட்டது. முதுகுத்தண்டுவடத்தின் இருபக்க விளிம்புகளிலிருந்து எழும் அலைகள் நடுவில் சேர்ந்து, தண்டுவடத்துக்குள் நீர்க்குழி இருப்பதுபோல ஒரு கோட்டைக் காட்டுவது கதிரியக்க நிபுணர்களுக்குத் தெரிந்த பொறி. அங்கே செய்யக்கூடியது இரண்டு. அதிக அதிர்வெண் வரை அளந்து அலைகளை விளிம்புக்கு நெருக்கமாக ஒதுக்கலாம், அதற்கு நேரம் கூடும். அல்லது இருக்கிற தரவின் ஓரத்தை ஹாமிங் போன்ற சரிவான சாளரத்தால் தேய்த்து அலையைக் குறைக்கலாம். அதற்குக் கொடுப்பது கொஞ்சம் கூர்மை.